பட்டை வரைபடமா, ஹிஸ்டோகிராமா? இடைவெளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மிஸ், ஹிஸ்டோகிராம்னு கேட்டிருந்தாங்க, எல்லாத்தையும் ஒட்டித்தான் வரைஞ்சிருக்கேன், ஆனா பாதி மார்க்தான் வந்திருக்கு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து நேராகப் போட்ட கோடுகள், நிறம்கூடத் தீட்டியிருந்தாள், செவ்வகங்களுக்கு நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. ஆனாலும் அது ஹிஸ்டோகிராம் இல்லை. ஒட்டிவைத்த பட்டை வரைபடம்.

அவள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். "இடைவெளி இருந்தால் பட்டை வரைபடம், ஒட்டியிருந்தால் ஹிஸ்டோகிராம்" என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு ஹிஸ்டோகிராம் என்றால் நிகழ்வுச் செவ்வகம், பெயர் மாறினாலும் மனப்பாடம் அதேதான். வாசல் ஈரமாக இருப்பதைப் பார்த்து மழை பெய்தது என்று சொல்வது போன்றது இந்த விதி. மழை பெய்தாலும் வாசல் ஈரமாகும், காலையில் யாராவது தண்ணீர் தெளித்தாலும் ஈரமாகும். இடைவெளி இல்லாமல் போவது ஹிஸ்டோகிராமின் விளைவு, அதற்கான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

## முதலில் கேட்க வேண்டியவை

ஒரு அட்டவணை கையில் இருக்கிறது, எதை வரைவது என்று தெரியவில்லை. அப்போது நான் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்வேன், இதே வரிசையில்.

முதல் கேள்வி: கிடை அச்சில் எழுதப் போவது பெயர்களா, எண்கோட்டின் துண்டுகளா? இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டைத் தொட்டுக்கொண்டு "இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. 10 நிமிடத்துக்கும் 20 நிமிடத்துக்கும் நடுவில் 14 இருக்கிறது, 14.5 இருக்கிறது, முடிவில்லாமல் இருக்கிறது.

இரண்டாவது: செங்குத்து அச்சு எதைச் சொல்கிறது? ஹிஸ்டோகிராமில் அது எப்போதும் "இந்தத் துண்டுக்குள் எத்தனை விழுந்தன" என்ற எண்ணிக்கையிலிருந்து வருவது. பட்டை வரைபடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, எண்ணிக்கை, ரூபாய், மில்லிமீட்டர், கிலோ எதுவும் வரலாம்.

மூன்றாவது, இதுதான் மதிப்பெண்ணைத் தின்னும் கேள்வி: பார்ப்பவர் உயரத்தைப் படிக்க வேண்டுமா, பரப்பைப் படிக்க வேண்டுமா?

| | பட்டை வரைபடம் | ஹிஸ்டோகிராம் |
|---|---|---|
| கிடை அச்சு | பெயர்கள், தனித்தனி உருப்படிகள் | ஒரே எண்கோட்டின் அடுத்தடுத்த துண்டுகள் |
| செங்குத்து அச்சு | எந்த அளவும் | எண்ணிக்கை அல்லது அதன் அடர்த்தி |
| படிக்க வேண்டியது | உயரம் | பரப்பு |
| அகலம் | அழகுக்காக, எல்லாம் ஒரே அளவு | பிரிவின் உண்மையான அகலம் |
| நடுவில் வெற்றிடம் | இருக்கும், அதற்குப் பொருள் இல்லை | இருந்தால் "அந்தத் துண்டில் யாரும் இல்லை" என்று பொருள் |

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஹிஸ்டோகிராமிலும் வெற்றிடம் வரலாம். 40 முதல் 50 வரை ஒருவர்கூட இல்லை என்றால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். இடைவெளியை மட்டும் நம்பும் பிள்ளை அங்கே குழம்பிப் போகும்.

## பட்டை வரைபடம்

இரண்டில் இது பழையது. 1786-இல் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் நாடுகளின் வணிகத்தைக் கோடுகளாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். மற்ற படங்களுக்கெல்லாம் பல வருடக் கணக்கு அவரிடம் இருந்தது, காலத்தைக் கிடை அச்சில் வைத்துக் கோடு இழுத்துவிட்டார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஒரே ஒரு வருடக் கணக்குதான் கிடைத்தது. ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு கோடு எப்படி இழுப்பது? அதனால் ஸ்காட்லாந்து வணிகம் செய்த 17 நாடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏற்றுமதிக்கு ஒரு பட்டை, இறக்குமதிக்கு ஒரு பட்டை என்று போட்டார். எண்கோடு இல்லாத இடத்தில், பெயர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் பிறந்த படம் இது.

நம் பள்ளிக் கணக்குக்கு வருவோம். 60 மாணவர்கள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்று கேட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் நான் கணக்குக்காகப் போட்டவை): நடந்து 15, சைக்கிளில் 18, பஸ்ஸில் 20, வேனில் 7. இங்கே பஸ்ஸை முதலில் எழுதினாலும் கடைசியில் எழுதினாலும் சொல்லும் செய்தி மாறாது. பட்டையின் அகலத்தை இரண்டு மடங்காக்கினாலும் மாறாது. உயரம் மட்டும்தான் பேசுகிறது. நடுவில் இடைவெளி விடுவதற்கும் இதுவே காரணம், இவை தனித்தனி, ஒன்று இன்னொன்றாகத் தொடரவில்லை என்று கண்ணுக்குச் சொல்கிறோம்.

இதன் மறைமுகச் செலவு என்ன? வரிசை உங்கள் கையில் இருப்பதால் அதை வைத்துப் பார்ப்பவரை ஏமாற்றவும் முடியும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் ஏதோ ஒழுங்காகச் சரிவது போலத் தெரியும், ஆனால் அந்தச் சரிவு தரவில் இல்லை, நீங்கள் அடுக்கியதில் இருக்கிறது. பட்டை வரைபடத்தைப் பார்த்துவிட்டு "நடுவில் கூடி இருபுறமும் குறைகிறது" என்று பதில் எழுதும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸை நடுவில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். பரவலின் வடிவத்தைப் பற்றி இந்தப் படம் எதுவும் சொல்லாது.

இன்னொன்று, செங்குத்து அச்சு 0-வில் தொடங்கியாக வேண்டும். உயரத்தை மட்டும் படிக்கிற படத்தில் அடியை வெட்டிவிட்டால் 18-க்கும் 20-க்கும் உள்ள சின்ன வித்தியாசம் மலை மாதிரி தெரியும்.

## ஹிஸ்டோகிராம்

இந்தப் பெயரை வைத்தவர் கார்ல் பியர்சன், 1890-களில். பிளேஃபேருக்கு நூறு வருடம் கழித்து. அவருக்கு வேண்டியிருந்தது வேறு: அளந்து எடுத்த எண்கள் எங்கே குவிகின்றன, எந்தப் பக்கம் நீள்கின்றன என்று பார்க்க ஒரு படம். அதனால் இதில் கிடை அச்சு என்பது ஒரு ஸ்கேல். ஸ்கேலில் 20-ஐத் தூக்கி 50-க்கு அப்புறம் வைக்க முடியாது. 10–20 முடியும் புள்ளியில்தான் 20–30 தொடங்குகிறது, நடுவில் விட இடமே இல்லை. ஒட்டி வருவது இதனால்தான்.

இப்போது அந்தப் பெண்ணின் நோட்டுக்கு வருகிறேன். அவளுக்கு வந்த கணக்கு இந்த மாதிரியானது, எண்களை மட்டும் எளிதாக்கியிருக்கிறேன். அதே 60 மாணவர்கள் பள்ளிக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம்:

| நேரம் (நிமிடம்) | மாணவர்கள் |
|---|---|
| 0–10 | 12 |
| 10–20 | 16 |
| 20–30 | 14 |
| 30–60 | 18 |

அவள் என்ன செய்தாள் என்றால் 12, 16, 14, 18 என்று உயரம் வைத்து, நான்கையும் ஒட்டி வரைந்துவிட்டாள், கடைசிச் செவ்வகமும் மற்றவற்றைப் போல ஒரே அகலம். அந்தப் படத்தைப் பார்த்தால் மிக அதிகமான பேர் ரொம்ப நேரம் பயணம் செய்து வருகிறார்கள் என்றுதான் தோன்றும், ஏனென்றால் கடைசிச் செவ்வகம்தான் உயரமானது.

சரி, கிடை அச்சை ஸ்கேலாக மதித்து, 30–60-ஐ மூன்று மடங்கு அகலமாக வரைந்தால் போதுமா? போதாது, இன்னும் மோசமாகும். 18 உயரம், மூன்று மடங்கு அகலம், பக்கத்தில் இருக்கும் 16-ஐப் பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். 18 பேர் 54 பேர் மாதிரி தோன்றுவார்கள். கண் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, அகலம் மாறும்போது அது பரப்பைத்தான் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே உயரத்தைக் குறைக்க வேண்டும். 30–60 என்பது 30 நிமிட அகலம், மற்றவை 10 நிமிடம். அந்த 18 பேரை மூன்று பத்து நிமிடங்களுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 6. பாடத்தில் இதை இப்படி எழுதுவார்கள்:

```
உயரம் = நிகழ்வெண் × (மிகச் சிறிய பிரிவின் அகலம் ÷ அந்தப் பிரிவின் அகலம்)
30–60:  18 × (10 ÷ 30) = 6
```

சரியான உயரங்கள் 12, 16, 14, 6. இப்போது படம் தலைகீழாக மாறிவிட்டது. 10–20 நிமிடத்தில்தான் நெருக்கம், அப்புறம் தாழ்வாக நீளும் ஒரு வால். சரிபார்க்க வேண்டுமா? பரப்பைக் கூட்டுங்கள், பத்து நிமிடத்தை ஒரு அலகாக வைத்து: 12 + 16 + 14 + (6 × 3) = 60. மாணவர்கள் மொத்தமும் வந்துவிட்டார்கள். இந்தக் கூட்டல் பொருந்தவில்லை என்றால் எங்கோ உயரத்தைத் திருத்த மறந்திருக்கிறீர்கள்.

செங்குத்து அச்சில் வெறுமனே "மாணவர்கள்" என்று எழுதிவிடாதீர்கள். இப்போது அது "10 நிமிடத்துக்கு எத்தனை மாணவர்கள்" என்றாகிவிட்டது. எல்லாப் பிரிவும் ஒரே அகலமாக இருக்கும்போது இந்த வேலை எதுவும் வேண்டாம், உயரமும் பரப்பும் ஒரே விகிதத்தில்தான் போகும், அதனால்தான் வகுப்பில் முதலில் காட்டும் எடுத்துக்காட்டுகளில் இந்த வித்தியாசம் தெரியவே மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் குழம்புவதன் வேர் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

### இதன் மறைமுகச் செலவுகள்

முதலாவது, பிரிவின் அகலத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், அந்தத் தேர்வு உண்மையை மறைத்துவிடலாம். 40 பேர் எழுதிய ஒரு தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மதிப்பெண் அகலத்தில் பிரித்தால் 20–40: 10, 40–60: 12, 60–80: 13, 80–100: 5. மெல்ல ஏறி இறங்கும் ஒரே மேடு, சாதாரண வகுப்பு என்று நினைத்துவிட்டுப் போய்விடுவோம். அதே 40 பேரை 10 அகலத்தில் பிரித்துப் பாருங்கள்: 20-இலிருந்து தொடங்கி 2, 8, 10, 2, 3, 10, 4, 1. இரண்டு மேடு, நடுவில் பள்ளம்! 40–50 பக்கம் ஒரு கூட்டம், 70–80 பக்கம் இன்னொரு கூட்டம். பாடம் புரிந்தவர்கள், புரியாதவர்கள் என்று வகுப்பு இரண்டாகக் கிடக்கிறது, முதல் படம் அதை முழுங்கிவிட்டது. பட்டை வரைபடத்தில் இந்த ஆபத்து இல்லை, பஸ்ஸை யாரும் பாதியாக வெட்டப் போவதில்லை. ஹிஸ்டோகிராம் வரைந்தால் இரண்டு மூன்று அகலத்தில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் நல்லது.

இரண்டாவது செலவு, எல்லைகள். மாணவர்களின் உயரத்தைச் சென்டிமீட்டரில் 141–145, 146–150 என்று கொடுத்திருந்தால் 145-க்கும் 146-க்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் அநாதையாக நிற்கிறது. அப்படியே வரைந்தால் செவ்வகங்கள் ஒட்டாது, ஒட்டவில்லையே என்று சில பிள்ளைகள் பட்டை வரைபடமாக முடித்துவிடுவார்கள். அரையைக் கழித்து அரையைக் கூட்டி 140.5–145.5, 145.5–150.5 என்று மாற்ற வேண்டும். ஏன் அரை? 145 என்று எழுதியவர் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றி எழுதியிருக்கிறார், உண்மையான உயரம் 144.5 முதல் 145.5 வரை எங்கேயும் இருந்திருக்கலாம்.

காரணம் தெரிந்தால் வயதுக் கணக்கில் ஒரு விஷயம் உறுத்தும். 10–19 வயது என்றால் 19 வயது 11 மாதம் ஆனவரும் 19 என்றுதான் சொல்வார், யாரும் 20 என்று மேலே தள்ளிச் சொல்வதில்லை. அப்படியானால் உண்மையான எல்லை 10–20, 9.5–19.5 இல்லை. பரீட்சையில் உங்கள் பாடநூல் சொல்லும் முறையிலேயே எழுதுங்கள், ஆனால் சொந்தமாக ஒரு செயல்திட்டம் செய்தால் இதைக் கவனியுங்கள்.

அப்புறம் "60-க்கு மேல்" என்று முடியும் அட்டவணைகள். அகலம் தெரியாத பிரிவுக்கு உயரம் கணக்கிட முடியாது. நியாயமான ஒரு மேல் எல்லையை வைத்துக்கொண்டு, அப்படி வைத்ததைப் படத்துக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.

## எல்லையில் நிற்கும் கணக்குகள்

மாத வாரியாகச் சென்னையின் மழை. இதில்தான் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே சறுக்குகிறார்கள். ஜனவரி, பிப்ரவரி என்று வரிசையை மாற்ற முடியாது, காலம் தொடர்ச்சியானது, அதனால் ஹிஸ்டோகிராம் என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: உயரம் எதைச் சொல்கிறது? நவம்பர் பட்டை உயர்ந்து நிற்பது நவம்பரில் பெய்த மில்லிமீட்டரை, எத்தனை விழுந்தன என்ற எண்ணிக்கையை இல்லை. ஆக இது பட்டை வரைபடம்.

அதே மழையை வேறு மாதிரி எடுங்கள். 50 வருடத்தின் மொத்த மழையை எழுதி, 800–1000 மி.மீ. பெய்த வருடங்கள் எத்தனை, 1000–1200 பெய்தவை எத்தனை என்று எண்ணினால், இப்போது மில்லிமீட்டர் கிடை அச்சுக்கு இறங்கிவிட்டது, வருடங்கள் எண்ணிக்கையாக மேலே போய்விட்டன. இது ஹிஸ்டோகிராம். எந்த மாதத்தில் மழை அதிகம் என்று தெரிய வேண்டுமென்றால் முதல் படம், வருடத்துக்கு வருடம் மழை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது. தரவு ஒன்றுதான், உங்கள் கேள்விதான் படத்தைத் தீர்மானிக்கிறது.

வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு இன்னொன்று. 1, 2, 3, 4 எல்லாம் எண்கள்தான், வரிசையும் மாறாது, ஆனால் 2-க்கும் 3-க்கும் நடுவில் எதுவும் இல்லை. பள்ளி அளவில் இதற்குப் பட்டை வரைபடம்தான் பாதுகாப்பான பதில், பட்டைகளை 1, 2, 3 என்று எண் வரிசையில் வைத்துவிடுங்கள். ஆனால் 0–100 மதிப்பெண் போல முழு எண்களே நிறைய இருந்து அவற்றைப் பிரிவுகளாகத் தொகுத்துவிட்டால் ஹிஸ்டோகிராம் வரைவது வழக்கம், நான் மேலே செய்ததும் அதுதான்.

## கணினியில் வரையும்போது

எக்செலில் தொகுத்த அட்டவணையை வைத்து `Clustered Column` போட்டு, `Gap Width`-ஐ 0% ஆக்கி ஒட்டவைத்துவிட்டு ஹிஸ்டோகிராம் என்று ஒப்படைக்கிறார்கள். எல்லாப் பிரிவும் ஒரே அகலம் என்றால் பரவாயில்லை, படம் பார்க்கச் சரியாகவே இருக்கும். 30–60 மாதிரி ஒன்று நுழைந்துவிட்டால் அந்தப் பெண்ணின் நோட்டில் வந்த அதே பிழை அச்சு அசலாக வரும், ஏனென்றால் எக்செலுக்கு "30–60" என்பது ஒரு பெயர், "பஸ்" மாதிரி.

2016 பதிப்பிலிருந்து `Histogram` என்று தனி வகையே இருக்கிறது. அதற்குத் தொகுத்த அட்டவணை தரக்கூடாது, 60 பேரின் நேரத்தையும் ஒரே நெடுவரிசையில் அப்படியே தர வேண்டும், அதுவே பிரித்து எண்ணிக்கொள்ளும். ஆனால் அது ஒரே அகலத்தில்தான் பிரிக்கும். இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் பாடத்தில் 10–20 என்றால் 20 எடுத்தவர் அடுத்த பிரிவுக்குப் போவார். எக்செல் வழக்கமாக `(10, 20]` என்று எழுதும், அதாவது சரியாக 20 இருப்பவரை இந்தப் பிரிவிலேயே வைத்துக்கொள்ளும். கையால் எண்ணியதும் கணினி எண்ணியதும் ஒன்றிரண்டு பேர் வித்தியாசம் காட்டினால், திரும்ப முதலிலிருந்து எண்ணுவதற்கு முன் 10, 20, 30 என்று எல்லையில் சரியாக நிற்பவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் இடம் மாறியிருப்பார்கள்.